மூன்றுக்கு இரண்டு: கலப்பு டீத்தூளின் அடக்கமும் விலையும்

நீலகிரியின் சி.டி.சி. தொழிற்சாலைகளில் உலர்த்தி எடுக்கப்படும் தேயிலை ஒரே அளவிலான தூளாக வெளிவருவதில்லை. பல கண்ணளவுள்ள சல்லடைகளில் சலித்த பிறகே அது ரகம் ரகமாகப் பிரிகிறது. பெரிய குருணையாக நிற்பது பி.ஓ.பி., பி.பி. போன்ற இலை ரகம். அடியில் விழும் நுண்ணிய தூள், ரெட் டஸ்ட், சூப்பர் ரெட் டஸ்ட், சூப்பர் ஃபைன் டஸ்ட் என்ற பெயர்களில் மூட்டை கட்டப்படுகிறது. காலையில் ஒரே தோட்டத்தில் பறித்த கொழுந்து மாலைக்குள் இப்படிப் பல ரகங்களாகி, ஒவ்வொன்றும் ஒரு விலைக்குப் போகும். ரகத்தின் பெயர் முதலில் சொல்வது தூளின் பருமனை. தரத்தைக் கொழுந்தும் பக்குவமும் தீர்மானிக்கின்றன. குன்னூர் ஏலத்தில் வாரந்தோறும் இவற்றின் விலை ஏறி இறங்குவது அந்தந்த ரகத்துக்கு இருக்கும் கிராக்கியையும் பொறுத்தது.

தமிழ்நாட்டு டீக்கடைகளில் டஸ்டுக்குத்தான் மவுசு. துணி வடிகட்டியில் கொட்டிக் கொதிநீர் ஊற்றியதும் சாயம் இறங்க வேண்டும். பால் சேர்த்த பிறகும் நிறமும் கடுப்பும் நிற்க வேண்டும். நுண்ணிய தூளில் நீர் படும் பரப்பு அதிகம் என்பதால் அது இதை உடனே செய்துவிடும். ஆனால் முதல் வடிப்பிலேயே சத்தெல்லாம் தீர்ந்து, இரண்டாம் வடிப்பு வெளுத்துப் போகும். குருணை மெதுவாகச் சாயம் விடும், நின்று கொடுக்கும். அதனால்தான் கலந்து விற்பவர்கள் இரண்டையும் ஒரு விகிதத்தில் சேர்க்கிறார்கள். விலை அதிகமுள்ள ரகத்தோடு மலிவானதைச் சேர்த்து விலையைக் கட்டுக்குள் வைப்பது இன்னொரு காரணம். உண்மையில் பல கடைகளில் அதுவே முதல் காரணம்.

எடுத்துக்காட்டாக, ஒரு நல்ல டஸ்ட் கிலோ 240 ரூபாய், ஒரு நடுத்தர பி.பி. கிலோ 160 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஏல விலை வாரம் தோறும் மாறும் என்பதால் இவை கணக்குக்காக எடுத்த எண்களே. டஸ்ட் மூன்று பங்கு, பி.பி. இரண்டு பங்கு என்ற விகிதத்தில் கலவை. ஒரு கிலோ என்ன அடங்கும்?

அவசரத்தில் பலர் 240-யும் 160-யும் கூட்டி இரண்டால் வகுத்து 200 என்று சொல்லிவிடுவார்கள். இரண்டும் சம பங்கு போனால் மட்டுமே அது சரி. இங்கே மொத்தம் ஐந்து பங்கு. மூன்று கிலோ டஸ்டுக்கு 720 ரூபாய், இரண்டு கிலோ பி.பி.க்கு 320 ரூபாய், ஆக ஐந்து கிலோவுக்கு 1,040 ரூபாய். ஐந்தால் வகுத்தால் கிலோ 208. 200 என்று நினைத்து விலை போட்டவர் கிலோவுக்கு எட்டு ரூபாயை ஆரம்பத்திலேயே இழக்கிறார். விகிதத்தைப் பின்னமாக மாற்றும்போதும் ஒரு தடுமாற்றம் வரும். மூன்றுக்கு இரண்டு என்றால் டஸ்ட் மூன்றில் இரண்டு பங்கு அல்ல. ஐந்தில் மூன்று பங்கு, அதாவது நூற்றுக்கு 60.

இந்த 60, 40 என்ற எண்களைக் கையில் வைத்துக்கொண்டால் விலை மாற்றத்தை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். டஸ்ட் விலை பத்து ரூபாய் ஏறினால் கலவையின் அடக்கம் ஆறு ரூபாய் ஏறும். பி.பி. பத்து ரூபாய் ஏறினால் நான்கு ரூபாய்தான் ஏறும். ஏல அறிக்கையைப் பார்க்கும் வியாபாரி எந்த ரகத்தின் விலைக்கு அதிகம் கவலைப்பட வேண்டும் என்பதை இது காட்டிக் கொடுக்கும்.

விகிதம் என்பது எடைக்குச் சொல்லப்படுவது, அளவைக்கு அல்ல. சின்னக் கடைகளில் தராசுக்குப் பதில் டப்பாவால் அளந்து கலக்கும் பழக்கம் உண்டு. நுண்ணிய தூள் இடைவெளி இல்லாமல் நெருங்கி உட்காரும், குருணை காற்றோட்டமாக நிற்கும். ஒரு டப்பாவில் டஸ்ட் 400 கிராம் பிடித்தால் பி.பி. 330 கிராம்தான் பிடிக்கிறது என்று கொள்ளலாம். மூன்று டப்பா டஸ்ட் 1,200 கிராம். இரண்டு டப்பா பி.பி. 660 கிராம். கலப்பவர் மூன்றுக்கு இரண்டு என்று நினைத்திருக்க, தராசில் அது இருபதுக்குப் பதினொன்று ஆகிவிட்டது. டஸ்ட் 60 சதவீதம் போக வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 65 சதவீதம் போயிருக்கிறது. அடக்கமும் 208-இலிருந்து சுமார் 211 ரூபாய் 60 காசுக்கு ஏறிவிடும். மாதக் கடைசியில் டஸ்ட் மூட்டை மட்டும் முன்னதாகவே காலியாகி, பி.பி. மிஞ்சிக் கிடந்தால் அளவை மோசம் செய்திருக்கிறது என்று அர்த்தம். வாங்கிய எடையையும் மீதி எடையையும் ஒப்பிட்டால் இந்தக் கசிவு உடனே தெரிந்துவிடும்.

208 ரூபாய் என்பது தூளின் விலை மட்டுமே. கடைத் தட்டில் நிற்கும் பாக்கெட்டின் அடக்கத்துக்கு வர இன்னும் சில படிகள் உண்டு. ஐம்பது கிலோ கலப்பதை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். டஸ்ட் 30 கிலோவுக்கு 7,200 ரூபாய், பி.பி. 20 கிலோவுக்கு 3,200 ரூபாய், ஆக 10,400. குன்னூரிலிருந்து சமவெளிக்குக் கொண்டுவர லாரி வாடகையும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் கிலோவுக்கு மூன்று ரூபாய் என்றால் 150. கலந்து, எடை போட்டு, ஒட்டும் ஆளுக்குக் கூலி 200. மொத்தம் 10,750 ரூபாய்.

இதை ஐம்பதால் வகுக்கக் கூடாது. மூட்டை பிரித்துக் கொட்டும்போதும் கிளறும்போதும் நுண்தூள் பறக்கும். சலித்தால் நாரும் குச்சியும் கழியும். கொஞ்சம் சாக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். சேதாரம் ஒரு சதவீதம் என்று எடுத்தால் விற்பனைக்கு மிஞ்சுவது 49.5 கிலோ. 10,750-ஐ 49.5-ஆல் வகுத்தால் கிலோ 217 ரூபாய் 17 காசு. செலவு முழுவதையும், கையில் மிஞ்சிய எடை தாங்க வேண்டும். சேதாரக் கணக்கின் முழு விதியும் இதுதான். எதிர்த்திசையிலும் ஒரு மயக்கம் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் தூள் நன்கு உலர்ந்தது. மழைக்காலத்தில் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடை கூடும். சேதாரமே இல்லை, எடை கூடியிருக்கிறது என்று மகிழ்ந்தவர், சில வாரங்களில் மணமும் விறுவிறுப்பும் போன தூளைத்தான் விற்க வேண்டியிருக்கும். கிடைத்த எடையைவிட இழந்த வாடிக்கை பெரிது.

அடுத்து உறை. உறையின் விலை கிலோவுக்கு ஏறுவதில்லை, பாக்கெட்டுக்கு ஏறுகிறது. கால் கிலோ உறை இரண்டரை ரூபாய் என்றால் ஒரு கிலோவுக்கு நான்கு உறை, பத்து ரூபாய். நூறு கிராம் உறை ஒன்றரை ரூபாய்தான் என்றாலும் ஒரு கிலோவுக்குப் பத்து வேண்டும், பதினைந்து ரூபாய். ஒட்டும் கூலியும் அப்படியே பெருகும். சின்ன பாக்கெட்டில் கிலோ விலை அதிகமாக இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். நமது 49.5 கிலோவைக் கால் கிலோ பாக்கெட்டாகப் போட்டால் 198 பாக்கெட். உறைக்கு 495 ரூபாய் சேர்த்தால் மொத்தச் செலவு 11,245. ஒரு பாக்கெட்டின் அடக்கம் 56 ரூபாய் 79 காசு. கிலோவுக்கு 227 ரூபாய் 17 காசு. 208-இல் தொடங்கிய கணக்கு, லாபம் என்ற பேச்சே எடுக்கும் முன் 19 ரூபாய் ஏறிவிட்டது.

இந்த எண்களில் வரி சேரவில்லை. தேயிலைத் தூளுக்கு ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம். பதிவு பெற்று, வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப வரவு வைத்துக்கொள்ளும் வியாபாரிக்கு அது அடக்கத்தில் சேராது. பதிவில்லாத சிறு வியாபாரிக்கு வரவு கிடைக்காது. 10,400 ரூபாய்ச் சரக்குக்குக் கட்டிய 520 ரூபாயும் செலவுதான், கிலோவுக்குப் பத்தரை ரூபாய் கூடும். இருவரும் ஒரே மூட்டையை ஒரே விலைக்கு வாங்கினாலும் அடக்கம் ஒன்றாக இருப்பதில்லை.

இனி விற்பனை விலை. கலப்பவருக்கு அடக்கத்தின் மேல் 20 சதவீத லாபம் வேண்டுமென்றால் 56.79-ஐ 1.2-ஆல் பெருக்க வேண்டும்: 68 ரூபாய் 15 காசு. "இருபது சதவீதம்" என்று சொல்லும்போதே எதன் மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த இடத்தில்தான் கூட்டாளிகளுக்குள் அதிகம் வாக்குவாதம் வருவது. அடக்கத்தின் மேல் 20 என்றால் 68.15. விற்பனை விலையில் 20 என்றால், விலையின் நூற்றில் எண்பது பங்கு அடக்கம், 56.79-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும், 70 ரூபாய் 99 காசு. ஒரே சதவீதம், பாக்கெட்டுக்கு ஏறக்குறைய மூன்று ரூபாய் வித்தியாசம். மளிகைக் கடைக்காரர் "எனக்கு எத்தனை பர்சன்ட்?" என்று கேட்கும்போது அவர் பெரும்பாலும் விற்பனை விலையில் கேட்கிறார். கலப்பவர் கணக்குப் போடுவதோ பெரும்பாலும் அடக்கத்தின் மேல்.

கடைக்காரருக்கு விற்பனை விலையில் பத்து சதவீதம் விடுவதாக வைத்துக்கொண்டால் 68.15-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும். 75 ரூபாய் 72 காசு வரும். அதன் மேல் ஐந்து சதவீத வரி சேர்த்தால் 79 ரூபாய் 51 காசு. உறையில் அச்சிடும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரியும் உட்பட்டது என்பதால் அதை 80 ரூபாய் என்று முழுசாக்கலாம். முழுசாக்கியபின் பின்னோக்கி ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. 80-இல் வரியைப் பிரிக்க, 80-இன் ஐந்து சதவீதமான நான்கு ரூபாயைக் கழிப்பது தப்பு. வரி உள்ளே அடங்கியிருக்கிறது, ஆகவே 1.05-ஆல் வகுக்க வேண்டும், 76 ரூபாய் 19 காசு. அதில் கடைக்காரர் பங்கு போகக் கலப்பவருக்கு வருவது 68 ரூபாய் 57 காசு. அடக்கம் போக மிச்சம் 11 ரூபாய் 78 காசு. அடக்கத்தில் இருபதே முக்கால் சதவீதம் இருக்கும். கடை வாடகை, மின்சாரம், கடன் நிலுவைக்கான வட்டி எல்லாம் இந்த மிச்சத்திலிருந்துதான் போக வேண்டும். 198 பாக்கெட்டும் விற்றால் மொத்தமாக வருவது சுமார் 2,330 ரூபாய்.

சில நேரம் கேள்வி தலைகீழாக வரும். விகிதத்தைக் கொடுத்து விலை கேட்பதற்குப் பதில், "கிலோ 190-க்கு அடங்குகிற மாதிரி கலந்து கொடுங்கள்" என்பார் மொத்தமாக வாங்கும் டீக்கடைக்காரர். இதற்கு வழி எளிது. வேண்டிய விலை மலிவு ரகத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்: 190-இல் 160 போக 30. இதுதான் விலை அதிகமுள்ள டஸ்டின் பங்கு. மறுபக்கம் 240-இல் 190 போக 50, இது பி.பி.யின் பங்கு. முப்பதுக்கு ஐம்பது, சுருக்கினால் மூன்றுக்கு ஐந்து. சரிபார்த்தால் மூன்று கிலோ 720, ஐந்து கிலோ 800, எட்டு கிலோவுக்கு 1,520, கிலோ 190. ஒவ்வொரு ரகத்தின் பங்கும் மற்ற ரகத்தின் விலை வித்தியாசத்திலிருந்து வருகிறது என்பதே இதில் நினைவில் நிற்க வேண்டியது. மாற்றிப் போட்டுவிட்டால் கிலோ 210 ஆகிவிடும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் பொன் கலக்கும் கணக்குக்கு இதே முறை சொல்லப்பட்டிருக்கிறது. அங்கே விலைக்குப் பதில் மாற்று. கலவையின் விலை எப்போதும் இரண்டு விலைகளுக்கும் நடுவில்தான் விழும் என்ற எல்லையும் இதிலிருந்தே தெரிகிறது. 150-க்குக் கேட்டால் இந்த இரண்டு ரகத்தை வைத்து எந்த விகிதத்திலும் கொடுக்க முடியாது.

ஏலத்தில் டஸ்ட் 240-இலிருந்து 265 ஆகிவிட்டது என்று கொள்ளலாம். பழைய விகிதத்திலேயே கலந்தால் அடக்கம் 15 ரூபாய் ஏறி 223 ஆகும். வாடிக்கையாளர் விலை ஏற்றத்தை விரும்பமாட்டார் என்று 208-ஐ விடாமல் பிடிக்க நினைப்பவர் விகிதத்தை மாற்றுவார். மேலே சொன்ன முறைப்படி 208-இல் 160 போக 48, 265-இல் 208 போக 57. சுருக்கினால் டஸ்ட் பதினாறு, பி.பி. பத்தொன்பது. கணக்கு சரி. ஆனால் 60 சதவீதம் இருந்த டஸ்ட் 46 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. டீ மாஸ்டருக்கு விகிதம் தெரியாது. டிகாக்‌ஷன் இளைத்திருப்பது தெரியும். நிறம் வரும்வரை இன்னும் ஒரு கரண்டி போடுவார்.

அந்தக் கரண்டியையும் கணக்கில் சேர்த்தால்தான் உண்மை விளங்கும். பழைய கலவையில் ஒரு கிலோவுக்கு 400 டீ வந்தது என்று எடுத்துக்கொண்டால் ஒரு டீக்குத் தூள் செலவு 52 காசு. விகிதம் மாறிய தூளில் அதே நிறத்துக்கு 340 டீதான் வருகிறது என்றால் கிலோ அதே 208 ஆக இருந்தும் ஒரு டீக்கு 61 காசு. விகிதத்தை மாற்றாமல் 223 ரூபாய்த் தூளையே வாங்கியிருந்தால் ஒரு டீக்கு 56 காசோடு முடிந்திருக்கும். விலை ஏறாத தூள்தான் கடைக்காரருக்கு அதிகச் செலவு வைத்திருக்கிறது. எத்தனை டீ வருகிறது என்பது கடைக்குக் கடை மாறும், ஆனால் இதைச் சோதிப்பது கடினமல்ல. நூறு மில்லி கொதிநீருக்கு இரண்டு கிராம் தூள், ஆறு நிமிடம் ஊறல் என்பது தேயிலை சுவைப்போர் பின்பற்றும் சர்வதேச முறை. பழைய கலவையையும் புதியதையும் இப்படி அருகருகே ஊறவைத்து, ஒரே அளவு பால் விட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டீக்கடைக்கு விற்பவர் விகிதத்தில் கைவைப்பதைவிட விலையைச் சொல்லி ஏற்றுவதே மேல்.

விகிதம் சரியாக இருந்தும் பாக்கெட்டுக்குப் பாக்கெட் டீ மாறுகிறது என்ற புகார் வந்தால் காரணம் கலந்த பிறகு நடந்தது. பருமன் வேறுபட்ட இரண்டு தூள் ஒன்றாக இருக்கும்போது ஆட்டமும் அதிர்வும் நுண்தூளைக் கீழே இறக்கிவிடும். குருணை மேலே வரும். லாரியில் குலுங்கி வந்த கலவை மூட்டையை அப்படியே மேலிருந்து எடுத்து அடைத்தால், முதல் பாக்கெட்டுகள் மெலிந்த பி.பி. கலவையாகவும் கடைசிப் பாக்கெட்டுகள் கடுப்பான டஸ்ட் கலவையாகவும் இருக்கும். மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் ஒரே டம்ளர் அளவு எடுத்து எடை போட்டால் போதும். அடித்தூள் எடை கூடி நின்றால் பிரிந்துவிட்டது. அடைக்கும் இடத்திலேயே, அடைக்கும் அன்றே கலப்பதும், இடையிடையே கிளறிவிடுவதும் இதைத் தவிர்க்கும்.

பழைய மூட்டையும் புதிய மூட்டையும் சேர்ந்து இருக்கும்போது எந்த விலையை எடுப்பது என்பதற்கும் அதே பங்குக் கணக்குதான். 240-க்கு வாங்கிய டஸ்ட் 40 கிலோ, 265-க்கு வாங்கியது 60 கிலோ இருந்தால் இருப்பின் சராசரி 255. அந்த 255-ஐ டஸ்டின் விலையாக வைத்து மூன்றுக்கு இரண்டு போட்டால் கலவை 217 ரூபாய் அடங்கும். ஆனால் அடுத்த மூட்டை 265-க்குத்தான் கிடைக்கும் என்பதால் விற்பனை விலையை 223-இலிருந்து கட்டுபவர்களும் உண்டு. விலை ஏறுமுகத்தில் இருக்கும்போது அவர்கள் செய்வதுதான் புத்திசாலித்தனம். இறங்குமுகத்தில் பக்கத்துக் கடைக்காரர் அதற்கு இடம் கொடுக்கமாட்டார்.

வாங்குபவருக்கும் இந்தக் கணக்கில் ஒரு பயன் உண்டு. நல்ல தேயிலையை எந்த விகிதத்தில் கலந்தாலும் அதிலுள்ள மலிவு ரகத்தின் விலைக்குக் கீழே அடக்கம் இறங்காது. சந்தையில் கிடைக்கும் மிக மலிவான நல்ல தூளின் விலையைவிடவும் வெகு குறைவாக, அதுவும் கறுகறுவென்று நிறத்தோடு, யாராவது விற்றால் கலவையில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பயன்படுத்திய சக்கையைக் காயவைத்துச் சாயம் ஏற்றிச் சேர்ப்பது பழைய மோசடி. வடிதாளில் சிட்டிகைத் தூளைப் பரப்பி, சில சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்க்க உணவுப் பாதுகாப்புத் துறை சொல்கிறது. தூளைக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் தாளைப் பிடித்தால், சாயம் ஏற்றிய தூள் அடர்ந்த கறை விட்டிருக்கும். சுத்தமான தேயிலை உடனடியாக அப்படிக் கறை விடாது.